9% வட்டி, 6% பணவீக்கம்: வட்டியில் எவ்வளவு உண்மையில் வட்டி?

கேள்வி: ஒரு லட்சத்தை 9% வட்டிக்குப் போட்டிருக்கிறேன். பணவீக்கம் 6% என்கிறார்கள். அப்படியானால் உண்மை வட்டி 3% தானே? வருடா வருடம் வட்டியை மட்டும் எடுத்துச் செலவு செய்தால் அசல் அப்படியே இருக்கும் அல்லவா? கடன் வாங்குபவருக்கும் இதே கணக்குதானா?

பதில்:

முதல் கேள்விக்குக் கிட்டத்தட்ட ஆம். இரண்டாவதுக்கு இல்லை. அந்த இல்லையில்தான் விஷயமே இருக்கிறது.

அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷரின் பெயரால் அழைக்கப்படும் சமன்பாடு இது:

```
(1 + i) = (1 + r) × (1 + π)
```

இதில் i என்பது பத்திரத்தில் எழுதியிருக்கும் வட்டி, r உண்மை வட்டி, π எதிர்பார்க்கும் பணவீக்கம். உங்கள் எண்களைப் போட்டால் 1.09 ÷ 1.06 = 1.0283. அதாவது உண்மை வட்டி 2.83%. வெறுமனே கழித்தால் வரும் 3 இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் வட்டி 70%, பணவீக்கம் 60% என்று இருக்கும் பொருளாதாரத்தில் கழித்தால் 10 வரும், வகுத்தால் 6.25 தான். எண்கள் பெரிதாகும்போது கழித்தல் ஏமாற்றும்.

இப்போது உங்கள் 9,000 வட்டியைப் பிரித்துப் பாருங்கள். ஆண்டு முடிவில், இன்றைய ஒரு லட்சம் வாங்கும் பொருட்களை வாங்க 1,06,000 வேண்டும். ஆக அந்த 9,000-இல் 6,000 அசலின் தேய்மானத்தை ஈடுகட்ட வந்த பணம். வட்டி என்ற பெயரில் உங்கள் அசலே திரும்பி வருகிறது. மீதி 3,000 தான் உண்மையான வருமானம். அதுவும் ஆண்டு முடிவுப் பணம் என்பதால் இன்றைய மதிப்பில் சுமார் 2,830. மேலே வந்த 2.83% இதுதான்.

எனவே 9,000 முழுவதையும் செலவழிப்பவர் அசலையும் சேர்த்தே தின்கிறார். பாஸ்புக்கில் ஒரு லட்சம் ஒரு லட்சமாகவே நிற்கும். பணவீக்கம் 6%-லேயே நீடித்தால், 10 ஆண்டு கழித்து அது வாங்குவது இன்றைய 55,800 சொச்சம் வாங்கும் அளவுதான். அசல் தேயாமல் இருக்க, முதல் ஆண்டு 6,000-ஐத் திரும்ப அசலோடு சேர்க்க வேண்டும். அடுத்த ஆண்டு, கூடிய அசலில் 6%.

வரி வந்தால் இன்னும் கொடுமை. வட்டிக்கு 20% வரி என்று வையுங்கள். பெரும்பாலும் வரி முழு வட்டிக்கும் போடப்படும், இதில் எவ்வளவு ஈடு, எவ்வளவு வருமானம் என்று பார்ப்பதில்லை. 9,000-க்கு வரி 1,800. ஆனால் உண்மை வருமானம் 3,000 தான். அந்த மூவாயிரத்தில் 1,800 போனால் வரி விகிதம் 60%. மிஞ்சும் உண்மை வட்டி வெறும் 1.13%. பணவீக்கம் கூடும்போது வங்கிகள் வட்டியை அதே அளவு கூட்டினாலும் சேமிப்பவர் தோற்பதற்கு இது ஒரு காரணம்.

கடன் வாங்குபவருக்கும் இதே கணக்குதான், எதிர்ப்பக்கத்திலிருந்து. 9,000 வட்டி கட்டும்போது அதில் 6,000 உண்மையில் அசலை அடைக்கிறது. அதனால்தான் பணவீக்கம் அதிகமுள்ள காலத்தில், உண்மை வட்டி அதேயாக இருந்தாலும், நீண்ட காலக் கடனின் ஆரம்பத் தவணைகள் கழுத்தை நெரிக்கின்றன. பிந்தைய தவணைகள், சம்பளமும் விலையோடு ஏறினால், லேசாகிவிடும். தொடக்க ஆண்டுகளைத் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதுதான் அவர் பார்க்க வேண்டியது.

இன்னொன்று. சமன்பாட்டில் இருப்பது கையெழுத்துப் போடும் நாளில் இரு தரப்பும் எதிர்பார்க்கும் பணவீக்கம். செய்தியில் வரும் 6% ஏற்கனவே நடந்து முடிந்தது. 9% நிலையான வட்டியில் ஓராண்டுக் கடன் கொடுத்தபின் பணவீக்கம் 10% ஆகிவிட்டால் உண்மை வட்டி மைனஸ் 0.91%. கொடுத்தவருக்கு நஷ்டம், வாங்கியவருக்கு லாபம். அதுவே 2%-க்கு இறங்கினால் உண்மை வட்டி 6.86%, வாங்கியவர் திணறுவார். "பணவீக்கம் வந்தால் கடன்காரனுக்குக் கொண்டாட்டம்" என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எல்லோரும் எதிர்பார்த்த பணவீக்கம் வட்டியிலேயே ஏற்றப்பட்டிருக்கும். எதிர்பாராததுதான் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பணத்தை மாற்றும்.

எதிர்பார்ப்பு மாறியவுடன் வட்டி முழுதாக நகர்ந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். வட்டி தாமதமாகவும் அரைகுறையாகவும்தான் சரிசெய்துகொள்கிறது என்பதைப் புள்ளிவிவரங்களில் கண்டு 1930-இல் எழுதியவர் ஃபிஷரேதான். ஆகவே வட்டியைப் பல ஆண்டுகளுக்குப் பூட்டும் முன், வரி போக மிஞ்சும் வட்டியை எடுத்து, பணவீக்கம் 3%, 6%, 9% என்று மூன்று முறை போட்டு வகுத்துப் பாருங்கள். 20% வரி என்றால் உங்கள் 9% வரி போக 7.2%. மூன்றாவது எண்ணில் அது மைனஸுக்குப் போய்விடும்.