கரண்ட் ரேஷியோ 1.4 என்றால் மந்தமான வருடத்தைத் தாண்டிவிடுமா?

கேள்வி: அக்கா வீட்டுக்காரர் கோவையில் சப்மெர்சிபிள் பம்ப் தயாரிக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறார். இரண்டு வருடத்துக்கு 15 லட்சம் கேட்கிறார், 14% வட்டி தருவதாகச் சொல்கிறார். மழை நன்றாகப் பெய்ததால் இந்த வருடம் ஆர்டர் குறைவு. ஆனால் "கரண்ட் ரேஷியோ 1.4, டெட்-ஈக்விட்டி 0.55, பயப்பட ஒன்றுமில்லை" என்று ஆடிட்டர் சொன்னாராம். போன மார்ச் கணக்கையும் சரக்குப் பட்டியலையும் அனுப்பியிருக்கிறேன். கொடுக்கலாமா?

பதில்: ஆடிட்டர் சொன்ன இரண்டு எண்ணும் கணக்குப்படி சரிதான். ஆனால் மார்ச் 31 அன்று கம்பெனி எப்படி இருந்தது என்பதை மட்டும்தான் அவை சொல்கின்றன. விற்பனை குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் 1.4. ஒரு வருடத்துக்குள் பணமாக மாறவேண்டிய சொத்து 420 லட்சம், ஒரு வருடத்துக்குள் கட்டவேண்டியது 300 லட்சம். அந்த 420-ல் சரக்கு 210, வரவேண்டிய பாக்கி 180, ஜிஎஸ்டி வரவும் அட்வான்சும் 20. கையிருப்புப் பணம் வெறும் 10 லட்சம். சரக்கை விட்டுவிட்டு, பாக்கியையும் பணத்தையும் மட்டும் எடுத்தால் விகிதம் 0.63-க்கு வந்துவிடுகிறது. இதுகூடப் பெரிய அதிர்ச்சி இல்லை. தயாரிப்புத் தொழிலில் சரக்கு நிறைய இருக்கத்தான் செய்யும். பம்ப் தொழிலில் கோடை சீசனுக்காக அடுக்கி வைத்தது மார்ச் கணக்கில் இன்னும் அதிகமாகத் தெரியும்.

கவலை அந்தச் சரக்கு எப்படிப்பட்டது என்பதில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பட்டியலை முந்தைய வருடப் பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். பழைய மாடலுக்கான ஸ்டாம்பிங், வார்ப்பு உறை, தயாராகிக் கிடக்கும் பம்புகள் என்று சுமார் 70 லட்சம் மதிப்புள்ள அயிட்டங்கள் இரண்டு பட்டியலிலும் ஒரே எண்ணிக்கையில் நிற்கின்றன. தாமிரக் கம்பி என்றால் நாளைக்கே விற்றுக் காசாக்கலாம். ஸ்டாம்பிங் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். பாக்கியிலும் அதே கதை: 180-ல் 55 லட்சம் ஆறு மாதத்துக்கு மேல் வராமல் இருக்கிறது. டீலர் "சீசன் முடியட்டும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் பணம் அது. அந்த 125 லட்சத்தையும் கழித்தால் மிச்சம் 295. அதாவது 300 கட்ட 295 இருக்கிறது. 1.4 என்று சொன்ன விகிதம் உண்மையில் ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே.

இதில் வங்கி சம்பந்தப்பட்ட ஒரு சிக்கலும் உண்டு. நடைமுறைச் செலவுக்காக வங்கி தரும் கேஷ் கிரெடிட், அதாவது சிசி, அதில் 150 லட்சம் லிமிட்டை முழுக்க எடுத்துவிட்டார்கள். சிசி என்பது லிமிட் இருக்கிறதே என்று எப்போதும் எடுக்கக்கூடிய பணம் இல்லை. மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டை வைத்து வங்கி டிராயிங் பவர் போடும். பொதுவாகச் சரக்கிலிருந்து சப்ளையர் பாக்கியைக் கழித்து, 90 நாளுக்குட்பட்ட வரவேண்டிய பாக்கியைச் சேர்த்து, 25% மார்ஜின் போக மீதியைத்தான் அனுமதிக்கும். சப்ளையருக்கு 110 லட்சம் பாக்கி இருக்கிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட 125 லட்சம் பாக்கி முழுவதும் 90 நாளுக்குள் வந்தது என்றே வைத்துக்கொண்டாலும் அதன்படி இப்போது 169 லட்சம் வருகிறது, லிமிட் 150-ஐத் தாண்டி நிற்கிறது. ஆனால் ஸ்டாக் ஆடிட்டுக்கு வரும் ஆள் அந்த 70 லட்சம் நகராத சரக்கைத் தள்ளிவிட்டால் 116 லட்சத்துக்கு இறங்கிவிடும். எடுத்திருப்பது 150. வித்தியாசமான 34 லட்சத்தை எங்கிருந்தாவது கொண்டுவந்து கட்ட வேண்டும். தொடர்ந்து 90 நாள் அந்த அளவுக்கு மேலேயே கணக்கு நின்றால் அது வாராக் கடன்.

டெட்-ஈக்விட்டி 0.55 எப்படி வந்தது? டேர்ம் லோன் 120 லட்சத்தை மட்டும் கடன் என்று எடுத்துக்கொண்டார்கள். சிசி-யை விட்டுவிட்டார்கள். சொந்தக்காரர்களிடம் ஏற்கெனவே வாங்கிய 60 லட்சத்தைக் கடனில் சேர்க்காமல் சொந்த மூலதனம் 160-உடன் சேர்த்துவிட்டார்கள். வங்கிக்குக் காட்டும்போது இப்படிச் செய்வது வழக்கம்தான், ஏமாற்று இல்லை. ஆனால் கடன் கொடுக்கப்போகிற உங்களுக்கு அந்த 60-ம் கடன்தான். எல்லாம் சேர்த்தால் கடன் 330, மூலதனம் 160. விகிதம் இரண்டுக்கு மேல்.

சரி, இதெல்லாம் மார்ச் நிலவரம். இந்த வருடத்துக்கு ஒரு சின்னக் கணக்கு போடுவோம். போன வருட விற்பனை 900 லட்சம். மூலப்பொருள், கூலி, சரக்குக் கூலி போன்ற விற்பனையோடு ஏறி இறங்கும் செலவு 65%. அதுபோக 315 லட்சம் கிடைத்தது. மாதச் சம்பளம், வாடகை, மின்சார நிலைக்கட்டணம் என்று ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகும் செலவு 210. மிச்சம் 105. இதில் வட்டி 37 லட்சம், டேர்ம் லோன் தவணை 40 லட்சம் கட்டியிருக்கிறார்கள்.

விற்பனை 20% குறைந்து 720 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைப்பது 252, நிலைச்செலவு அதே 210, மிச்சம் 42. விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைய, கையில் நிற்பது பாதிக்கும் கீழே போய்விட்டது. வட்டி கட்டினால் 5 லட்சம் மீதி. தவணைக்கு 35 லட்சம் துண்டு. வரியைக் கணக்கில் எடுக்காமலே நிலைச்செலவு, வட்டி, தவணை மூன்றையும் சமாளிக்க விற்பனை 820 லட்சமாவது வேண்டும். 9% குறைந்தாலே இழுபறி என்று அர்த்தம். நான் முதலில் பார்க்கும் எண் எப்போதும் இதுதான். கரண்ட் ரேஷியோவை அப்புறம்தான் பார்ப்பேன்.

"விற்பனை குறைந்தால் பாக்கி வசூலாகிப் பணம் வருமே" என்று உங்கள் மாமா சொல்லலாம். வரும். நல்ல பாக்கி 125-லிருந்து 100-க்கு இறங்கினால் 25 லட்சம் கைக்கு வரும். ஆனால் கொள்முதலும் குறைவதால் சப்ளையர் பாக்கி 110-லிருந்து 88-க்கு வந்துவிடும், அதற்கு 22 லட்சம் கொடுத்தாக வேண்டும். நிகரமாக 3 லட்சம்.

இந்த நிலையில் உங்கள் 15 லட்சம் பள்ளத்தில் பாதியைக்கூட அடைக்காது. அதன் வட்டியாக வருடத்துக்கு 2.1 லட்சம் கூடவும் சேரும். இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே என் பதில்.

கம்பெனி தேறவே தேறாது என்றும் சொல்லமாட்டேன். பழைய சரக்கை நஷ்டத்துக்காவது தள்ளிவிட்டு, அந்த 55 லட்சத்தில் வருகிறதை வசூலித்து, தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடம் போய் டேர்ம் லோனை நீட்டி வாங்கினால் வருடத் தவணை 40 என்பது 20 ஆகலாம். அப்போது 20% சரிவில் துண்டு 15 லட்சம்தான். பழைய சரக்கில் வரும் காசிலேயே அதை அடைக்க வாய்ப்பிருக்கிறது. இதைச் செய்தபிறகு கேட்டால் வேறு பேச்சு. அதுவரை மாதாமாதம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி-யைக் காட்டச் சொல்லுங்கள், விற்பனை எங்கே போகிறது என்று அதில் தெரிந்துவிடும்.

கடைசியாக, பணம் கொடுக்கும் முடிவு எப்போது வந்தாலும் வங்கியின் சாங்ஷன் லெட்டரை வாங்கிப் படித்துவிடுங்கள். உறவினரிடம் வாங்கிய கடனை வங்கிக் கடன் முடியும்வரை திருப்பித் தரக்கூடாது என்று அதில் பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும். அந்த 60 லட்சத்தை மூலதனத்தோடு சேர்த்துக் காட்டியிருப்பதைப் பார்த்தால் இங்கேயும் இருக்கும் என்றே நினைக்கிறேன். டேர்ம் லோன் முடிய இன்னும் மூன்று வருடம் ஆகும், தவணையை நீட்டினால் அதற்கும் மேல். இரண்டு வருடத்தில் தருகிறேன் என்று மாமா சொன்ன வாக்கு அந்த நிபந்தனைக்கு முன் செல்லாது.