அவசரம் என்று டாக்டரே எழுதியும் ரத்த ரிசல்ட் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. லேபில் உண்மையிலேயே முன்னால் எடுப்பார்களா?

எடுப்போம். ஒன்பது வருடமாக மாதிரி வாங்கும் கவுண்டரில் நிற்பவன் சொல்கிறேன். ஆனால் டாக்டர் அதை எங்கே எழுதினார் என்று கேட்டுப் பாருங்கள்.

எங்களிடம் அவசரம் என்பது இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஸ்டிக்கர். இன்னொன்று கம்ப்யூட்டரில் அந்த ஆர்டருக்குப் போடும் அவசரக் குறி. ஸ்டிக்கரைப் பார்த்து டியூபை முன்னால் தள்ளுவது நாங்கள். ரிசல்ட்டைச் சரிபார்த்து வெளியிடுகிறவரின் திரைக்கு ஸ்டிக்கர் தெரியாது, குறி மட்டும்தான் தெரியும்.

ஒரு இரவு வார்டிலிருந்து பொட்டாசியம் பார்க்க ரத்தம் வந்தது. ஸ்டிக்கர் பையின் மேல் மட்டும், டியூபில் இல்லை, கம்ப்யூட்டரிலும் சாதாரணம் என்றே இருந்தது. ஒரே நேரத்தில் நாற்பது பை வந்து விழ, நான் கிழித்து டியூபை எடுத்துப் பையைக் குப்பையில் போட்டேன், ஸ்டிக்கரும் அதோடு போயிற்று. 70 நிமிடம் கழித்து வார்டிலிருந்து போன். டியூப் சாதாரண ரேக்கில் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது! உடனே 10 நிமிடம் சுழற்றி, மெஷினில் அவசரத்துக்கென்று இருக்கும் இடத்தில் வைத்தேன். 6.7, இருக்க வேண்டியதைவிட மிக அதிகம். சுழற்றியபின் செல்களுக்கு மேலே நின்ற நீர் தெளிந்த மஞ்சள்தான். சிவந்திருந்தால் செல் உடைந்து அளவு பொய்யாக ஏறியது என்று வேறு ரத்தம் கேட்டிருப்பேன். போனில் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்தேன். நல்லவேளை, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் தவறும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் என்னுடையது மட்டும் இல்லை. அதற்கப்புறம் ஸ்டிக்கரைப் பிய்த்து டியூபில் ஒட்டி, வார்டைக் கேட்டுக் குறியையும் மாற்றிவிட்டுத்தான் பையைப் போடுகிறேன்.

சரி, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் சிவப்பு மூடி டியூபில் ரத்தம் உறைய அரை மணி நேரம் போல ஆகும். அவசரப்பட்டு முன்னாலேயே சுழற்றினால் ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் நூல் நூலாக மிதக்கும், மெஷினின் ஊசியை அடைக்கும், தப்பான எண் வரும். அதனால்தான் அவசரத்துக்குப் பச்சை மூடி, உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போட்டது, எடுக்கச் சொல்கிறோம், அதற்கு உறையக் காத்திருக்க வேண்டாம். உங்களுக்குச் சிவப்பில் எடுத்திருந்தால் அங்கேயே அரை மணி போய்விட்டது.

இன்னொன்று, வீட்டுக்குப் போகிறவர்களின் ரத்தத்துக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள். தட்டு முழுக்கச் சிவப்பு என்றால் நான் எதை முதலில் எடுப்பது? நடுவில் 'ஆச்சா, ஆச்சா' என்று போன் வேறு. போனை எடுப்பதும் டியூபை மெஷினில் ஏற்ற வேண்டிய அதே ஆள்தான். இரவில் உட்கார ஒரு நாற்காலி கேட்டு இரண்டு வருடமாகிறது, அது தனிக் கதை.

உங்கள் ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரமும் லேபுக்கு வந்த நேரமும் தனித்தனியாக இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். நடுவிலேயே ஒரு மணி நேரம் இருந்தால் எங்களைத் திட்டாதீர்கள்.