சின்னப் பெயரில் ஒரு சிக்கல்

கேள்வி: பாரிசிலுள்ள மகனும் மருமகளும், வகுப்புப் பிள்ளைகளின் வாயில் நுழையக்கூடிய சின்னப் பெயராக இருக்கட்டுமென்று பேரனுக்கு ‘மாறன்’ என்று வைத்ததாகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பரம்பரையில் எவருக்கும் இவ்வளவு சின்னப் பெயர் இருந்ததில்லை. இது முறையா?
— ஓர் அப்பப்பா, ஒட்டுசுட்டான்

பதில்: கிளிநொச்சியைக் ‘கிளி’ என்றும் முல்லைத்தீவை ‘முல்லை’ என்றும் நறுக்கி எழுதிப் பழகிய நாம், ‘சின்ன’ என்பதை ஒரு குற்றமாகச் சொல்லலாமா ஐயா? உங்களைக் கேட்காததற்கும் ஒரு காரணம் உண்டு. இங்கே முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த பின்னர் ஆறுதலாகப் பெயரைப் பற்றிப் பேசலாம். பிரான்சிலோ பிள்ளை பிறந்து 5 நாட்களுக்குள் நகரசபையில் பெயரோடு பதிந்துவிட வேண்டும்.

ஆனால் அந்தக் கடிதத்தோடு எனக்கும் ஒரு வழக்கு உண்டு. பெயர் சின்னதாக இருந்தால் வாயில் நுழைந்துவிடும் என்று அவர்கள் நம்பியிருக்கிறார்கள். Maran என்று எழுதினால் பிரெஞ்சு ஆசிரியை இறுதியிலுள்ள ‘ன்’னை உச்சரிக்கமாட்டார், அது மூக்குக்குள் கரைந்து ‘மாரோ’ என்பதுபோல ஒலிக்கும். ‘வேடிக்கையான’ என்பதற்குப் பிரெஞ்சுக்காரர் நாள்தோறும் வழங்கும் சொல்லுக்கும் அதே ஒலிதான். ஆகவே பாண்டியருக்குரிய பெயரைச் சொல்லி அழைக்கும்போதெல்லாம் வகுப்பு முழுவதும் சிரிக்கக்கூடும். நுழைவது மட்டுமல்ல, அளவுக்கு மீறி நுழைந்துவிடுகிற பெயர் இது.

இதற்கு மருந்து கடைசியில் ஒரு e. Marane என்று எழுதினால் ‘ன்’ வாய்க்குத் திரும்பிவிடும். ஆனால் அந்த முடிவு பிரெஞ்சுக் கண்ணுக்குப் பெண்பிள்ளையின் பெயர்போலத் தோன்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயருக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் காசு வாங்கும் எண்சாத்திரக்காரரை இதே பக்கத்தில் எத்தனையோ முறை சாடியிருக்கிறேன்; இப்போது நானே ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்கிறேன், அதுவும் இலவசமாக. அவர்கள் இதை வாசிக்காதிருக்கக் கடவது. பதிவை மாற்ற மனமில்லையென்றால், பள்ளிக்கூடம் தொடங்கும் முதல் நாளே தாயார் ஆசிரியையிடம் பெயரை இரண்டு தரம் சொல்லிக் காட்டுவது போதும். பிள்ளைகள் எழுத்தைப் பார்த்தல்ல, ஆசிரியையின் வாயைப் பார்த்தே பெயர் பழகுகிறார்கள்.

நீங்கள் கவனிக்காத சங்கதி ஒன்றும் இருக்கிறது. நம்மவர் அங்கே பதியும்போது தகப்பனாரின் பெயரே பெரும்பாலும் குடும்பப் பெயராகிவிடுகிறது. மகனின் பத்திரங்களில் அந்த இடத்தில் உங்கள் பெயர் இருக்குமானால், பேரனுக்கும் அதுவேதான் வந்திருக்கும். அந்நாட்டு இடாப்புகளில் குடும்பப் பெயர்தான் முன்னால் நிற்பது வழக்கம். பரம்பரையில் சின்னப் பெயரே இல்லை என்கிறீர்களே, மாறனுக்கு வருவதற்கு முன்னர் அந்த ஆசிரியை உங்கள் பெயரை முழுவதுமாக எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்க வேண்டும்.