டே கேர் கட்டணம்: எத்தனை குழந்தைகளால், எத்தனை மாதங்களால் வகுப்பது?

கேள்வி: வீட்டுக்கு அருகே வாடகைக்கு இடம் பிடித்துச் சிறிய டே கேர் தொடங்கப் போகிறேன். மாதக் கட்டணம் எவ்வளவு வைத்தால் கட்டுப்படியாகும்? லீவு போட்டால் பணத்தைக் கழிக்க வேண்டுமா?

முதலில் எத்தனை குழந்தைகளைச் சேர்க்கலாம் என்பதை இடத்தை அளந்து முடிவு செய்யுங்கள். கோயம்புத்தூரில் நான் இடம் பார்த்தபோது தரகர் 16 பேர் தாராளமாக இருக்கலாம் என்றார். மதியம் எல்லோரும் தூங்கும் நேரத்தை மனத்தில் வைத்து நான் பாய்களை விரித்துப் பார்த்தேன். ஆயாம்மா யாரையும் மிதிக்காமல் நடக்க வழி விட்டால் 12 பாய்களுக்குத்தான் இடம் இருந்தது.

எங்களிடம் இரண்டு வயதுக்கு உட்பட்ட 4 பேருக்கு ஒருவர், மூத்த 8 பேருக்கு ஒருவர் என இரண்டு ஆயாக்கள் தலா 14,000 ரூபாய்க்கும், சமையலுக்கும் துப்புரவுக்கும் ஒருவர் 10,000 ரூபாய்க்கும் இருக்கிறார்கள். தீபாவளி போனஸையும் சேர்த்து 13 மாதச் சம்பளம் 4,94,000 ரூபாய். வாடகை, கரண்ட், தண்ணீர் மாதம் 23,000 வீதம் 2,76,000; எனக்கான சம்பளம் 20,000 வீதம் 2,40,000; மாற்று ஆள், பழுது, விளையாட்டுப் பொருள்களுக்கு 40,000. ஆக ஆண்டுச் செலவு 10,50,000 ரூபாய்.

முதல் ஆண்டில் இதை 12 குழந்தைகளாலும் 12 மாதங்களாலும் வகுத்து, 7,300 ரூபாய் என்று வைத்தேன். தவறு அங்கேதான் நடந்தது. பள்ளியில் சேரும் வயது வந்ததும் குழந்தைகள் விலகுவார்கள், அந்த இடம் உடனே நிரம்பாது என்பதால், சராசரியாக 10 பேர்தான் இருந்தார்கள். மே மாதம் குழந்தையைப் பாட்டி வீட்டில் விட்டவர்கள் அந்த மாதக் கட்டணத்தைத் தரவில்லை. பொங்கல், தீபாவளி நாள்களையும் கழித்துக்கொண்டார்கள். ஒரு குழந்தைக்கு 11 மாதப் பணமே வந்தது. ஆயாக்களின் சம்பளத்தையோ வாடகையையோ அப்படிக் கழிக்க முடியாது. அந்த மே மாதச் சம்பளத்தை நகையை அடகு வைத்துத்தான் கொடுத்தேன்.

10 பேர், 11 மாதம் என்று வகுத்தால் 9,545 ரூபாய் வருகிறது. 12 மாதமும் கட்டணம் உண்டு என்று சேர்க்கையின்போதே எழுதி வாங்கினால் அதே செலவுக்கு 8,750 போதும். நான் இரண்டாவது வழியையே சொல்வேன், ஏனென்றால் விடுமுறையின் செலவு எப்படியும் பெற்றோரிடமிருந்துதான் வர வேண்டும், இதில் மாதத் தொகையாவது குறைகிறது. சிறு குழந்தைக்கு, போனஸையும் சேர்த்த ஆயா சம்பளத்தில் கால் பங்கும் மூத்த குழந்தைக்கு அரைக்கால் பங்கும் ஆவதால், இந்த இரண்டு வயதுப் பிரிவுகளின் கட்டணங்களுக்கும் இடையே 1,900 ரூபாய் வித்தியாசம் வைப்பது நியாயம். சராசரி மட்டும் 8,750 ஆக நிற்க வேண்டும்.

சாப்பாட்டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழம், மதியச் சோறு, மாலைப் பால், சுண்டல் எல்லாம் சேர்த்து ஒரு குழந்தைக்கு நாளுக்கு 55 ரூபாய் ஆகிறது. 22 நாள்களுக்கு 1,210 ரூபாய். முந்தின நாள் மாலைக்குள் வரவில்லை என்று சொன்னால் அந்த 55 ரூபாயைக் கழித்துவிடுகிறேன், ஏனெனில் அந்தக் குழந்தைக்கான பாலையும் காய்கறியையும் நான் வாங்குவதில்லை.