வயர்லெஸ் மைக்கை மாற்றுவதா, குத்தும் இடத்தை மாற்றுவதா?

கேள்வி: ஊர்ப் பெரியவர்களைப் பேட்டி எடுத்து வைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் சட்டையில் குத்தும் வயர்லெஸ் மைக் சோடி ஒன்று வாங்கினேன். பெட்டியில் 200 மீற்றர் என்று போட்டிருக்கிறது. ஆனால் பதினைந்து அடியிலேயே ஐயாவின் குரல் அறுந்து அறுந்து வருகிறது. பெரியம்மா கதைத்ததில் ஒரே சரசரப்பு. பண்ணைக் கடற்கரையில் எடுத்ததில் காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரர் மேலதிகக் காசு தந்து விலை கூடின செற்றாக மாற்றச் சொல்கிறார். மாற்றட்டா? மூன்று வீடியோத் துண்டும் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகர், காரைநகர்

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம், தம்பி. மூன்று துண்டையும் ஹெட்போன் போட்டு இரண்டு தடவை கேட்டேன். மூன்றிலும் மைக் வேலை செய்கிறது. பழுது மூன்றும் வேறு வேறு, காரணமும் வேறு வேறு. விலை கூடின செற்றை வாங்கி அதே இடங்களில் அதே மாதிரிக் குத்தினால் இதே சத்தங்கள்தான் வரும்.

பெரியம்மாவின் துண்டை முதலில் எடுக்கிறேன். அவர் கையை அசைக்கும்போதெல்லாம் சரசரப்பு எழுகிறது, கையை மடியில் வைத்தால் அடங்குகிறது. குரல் மட்டும் எங்கும் அறுபடவில்லை. இது துணி துணியில் உரசும் சத்தம், ரேடியோப் பழுது அல்ல. படத்தைப் பார்த்தால் காரணம் தெரிகிறது: பட்டுச் சேலை, தோளில் முந்தானை ஓரத்தில் மைக், அதற்குக் கீழே இன்னொரு மடிப்பு. முந்தானை ஒரு பக்கம் போக, உள்ளேயிருக்கும் சட்டை இன்னொரு பக்கம் போகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் மைக் அகப்பட்டிருக்கிறது. பட்டும் கஞ்சி போட்ட புதுப் பருத்தியும்தான் கூட இரையும். பலமுறை தோய்த்த பருத்தி இரையாது. சாதாரண நாளில் உடுத்தும் சேலையோடு இருக்கலாமா என்று கேட்பதில் தவறில்லை, அவர் பட்டுத்தான் விரும்பினால் அதை மதியுங்கள்.

செய்ய வேண்டியது, இரண்டு துணியும் சேர்ந்து அசையும்படி பண்ணுவது. முந்தானை மடிப்புகளை அடுக்கி, உள்ளேயிருக்கும் சட்டையோடு சேர்த்து சேப்டி பின் குத்துங்கள். அந்தப் பின்னுக்குப் பக்கத்திலேயே, தோளில் இல்லாமல் நெஞ்சின் நடுப்பக்கமாக, மைக்கைப் பிடியுங்கள். நாடியிலிருந்து ஒரு சாண் கீழே என்பது நல்ல அளவு. அதைவிட மேலே போனால் நாடியே குரலை மறைக்கும், குரல் மூடிப் போர்த்தது போல வரும். தோளில் குத்தினால் அவர் மற்றப் பக்கம் திரும்பும்போது சத்தம் குறையும். இந்த வேலையை வீட்டிலுள்ள ஒரு பெண்ணிடம் கொடுங்கள். பெரியம்மா கூச்சமில்லாமல் இருந்தால்தான் கதையும் வரும்.

அந்தத் துண்டில் சரசரப்புக்கு நடுவே இடைக்கிடை சின்னதாக ஒரு ‘டிக்’ கேட்கிறது. அது தாலிக்கொடி மைக் பெட்டியில் தட்டுவது. கழற்றச் சொல்ல வேண்டாம். சட்டைக்குள் விடலாமா என்று கேளுங்கள், இல்லையென்றால் மைக்கைக் கொடி தொடாத உயரத்துக்கு ஏற்றுங்கள். இதை நான் பிந்தித்தான் படித்தேன். ஒரு தவில் வித்துவானை நாற்பது நிமிடம் பதிவு செய்தேன், ஹெட்போன் போடவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டால் அவருடைய சங்கிலி முழுக்க முழுக்க மைக்கில் தட்டியிருந்தது. திரும்பப் போய் எடுப்பதற்குள் அவர் காலமாகிவிட்டார். ஆகவே குத்தி முடித்ததும் ஒரு நிமிடம், பேசுபவரைத் தலை திருப்பவும் கை நீட்டவும் சிரிக்கவும் சொல்லிவிட்டு, ஹெட்போனில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்று. உங்கள் செற்றில் காந்தப் பிடியும் வந்திருக்கும். துணிக்கு அது மென்மையானது. ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அதைப் போடவே கூடாது. காந்தத்தைக் குறைந்தது 15 சென்ரிமீற்றர் தள்ளி வைக்கும்படியே அந்தக் கருவிகளோடு வரும் அறிவுரையில் இருக்கும். வயதானவர்களிடம் முதலில் கேட்டுவிட்டுச் சாதாரணக் கிளிப்பையே பாவியுங்கள்.

இனி ஐயாவின் துண்டு. வளவுக்குள் முன்னே நடந்து பனைகளைக் காட்டுகிறார், நீங்கள் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு போகிறீர்கள். இதில் சரசரப்பும் இல்லை, இரைச்சலும் இல்லை. குரல் கத்தரித்தது போல நின்று, அரை வினாடி ஒன்றுமேயில்லாமல் போய், திரும்ப வருகிறது. அவர் உங்களைப் பார்த்துத் திரும்பும் போதெல்லாம் சரியாக இருக்கிறது. சிக்னல் விடுபடும்போது இப்படித்தான் கேட்கும்.

உங்கள் செற் 2.4 கிகாஹேர்ட்ஸில் வேலை செய்வது. அந்த அலைவரிசையை மனித உடம்பு நன்றாக விழுங்கிவிடும், ஏனென்றால் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். மைக் ஐயாவின் நெஞ்சில், போனில் செருகிய ரிசீவர் அவருடைய முதுகுக்குப் பின்னால். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஐயாவேதான். பெட்டியில் போட்ட 200 மீற்றர், வெளியான இடத்தில் எந்த மறைப்பும் இல்லாமல் ஒன்றையொன்று நேரே பார்த்து நிற்கும்போது அளந்தது. பெட்டியின் சின்ன எழுத்தில் அதைச் சொல்லியும் இருப்பார்கள். ஆகவே அதை வைத்துக் கடைக்காரரோடு வாதாட இடமில்லை.

வழி, மைக்கையும், குரலை ரிசீவருக்கு அனுப்பும் மைக் பெட்டியையும் பிரிப்பது. உங்கள் செற்றின் மைக் பெட்டியில் 3.5 மில்லிமீற்றர் துளை ஒன்று இருக்கிறது, படத்தில் தெரிகிறது. அதில் வயரோடு வரும் சின்னச் சட்டை மைக்கைச் செருகலாம். மைக் நெஞ்சில் இருக்க, பெட்டியை வேட்டி இடுப்பில் முதுகுப் பக்கம் செருகிவிடுங்கள். இப்போது அவர் முன்னே நடந்தாலும் பெட்டி உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். இருந்து கதைக்கும் பேட்டி என்றால் பெட்டியை முன்பக்கம் மாற்றிவிட வேண்டும், கதிரையில் சாய்ந்தால் அது முதுகுக்கும் கதிரைக்கும் நடுவில் நசுங்கும். ஐயா சேர்ட் இல்லாமல் சால்வையோடு இருப்பதால், நெஞ்சு வியர்வையைத் துடைத்துவிட்டு மருந்துக்கடைப் பிளாஸ்டரால் வயரை ஒட்டலாம். மைக்குக்குக் கீழே வயரைச் சின்ன வளையமாக விட்டு, அந்த வளையத்தின் மேல் ஒட்டுங்கள். வயர் இழுபட்டால் இழுவை அந்த வளையத்தோடு நிற்கும், மைக்குக்குப் போகாது. சால்வை மைக்கின் மேல் விழாமல் ஒதுக்கிவிட்டால் போதும்.

உங்கள் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. ரிசீவர் போனின் அடியில் செருகியிருக்கிறது, நீங்கள் அதைச் சேர்த்து உள்ளங்கையால் பொத்திப் பிடித்திருக்கிறீர்கள். உங்கள் கையும் தண்ணீர்தான். போனை ஒரு பிடியில் மாட்டி நெஞ்சளவு உயரத்தில் வைத்திருங்கள். போனின் வைபையையும் புளூடூத்தையும் நிறுத்திவிடுங்கள், அவையும் இதே அலைவரிசைக்காரர்கள். ஐயாவின் இடுப்பிலிருக்கும் போனை வாங்கி மேசையில் வைத்துவிடுங்கள்.

பண்ணைத் துண்டைக் கேட்க எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. அதில் அந்தப் பெரியவர் சொல்ல வந்தது இனி வராது. குபுகுபு என்று அடிக்கும் அந்தச் சத்தம், காற்று மைக்கின் சவ்வையே நேராக அறைவது. ஆரும் கதைக்காத இடத்திலும் அளவுகோல் உச்சியில் முட்டி நிற்பதுதான் அடையாளம். முட்டியபின் அங்கே குரல் பதிவாகவே இல்லை, பிறகு எந்த வடிகட்டியாலும் அதை எடுக்க முடியாது. மைக்கில் உள்ள ‘லோ கட்’டைப் போட்டால் மெல்லிய காற்றின் உறுமல் குறையும், ஆடிச் சோளகத்துக்கு அது காணாது.

நீங்கள் போட்டிருந்தது கறுப்புப் பஞ்சு உறை. அது வீட்டுக்குள், வாயிலிருந்து வரும் ஊதலைத் தடுக்க. வெளியில் வேண்டியது மயிர் உறை, பூனைக்குட்டி போல இருப்பது. நீள மயிர்கள் காற்றை உடைத்து, மைக்கைச் சுற்றி அசையாத காற்று கொஞ்சத்தை வைத்திருக்கின்றன. உங்கள் மாதிரிக்கென்றே வரும் உறையை வாங்குங்கள். மற்றதுக்கு வந்தது இறுகாது, சோளகம் கொண்டு போய்விடும். இரண்டாக வாங்குங்கள், ஒன்று எப்படியும் தொலையும். மழையிலோ கடற்துமியிலோ நனைந்து மயிர் ஒட்டிக்கொண்டால் உறை வேலை செய்யாது, காய வைத்துச் சீவி விடுங்கள்.

உறை மட்டும் போதாது, நிற்கும் திசையும் வேண்டும். சோளகம் தென்மேற்கிலிருந்து வரும். பெரியவரைக் கடலுக்கு முதுகும் கோட்டைப் பக்கம் முகமுமாக நிறுத்தினால், காற்று முதுகில் படும், நெஞ்சிலிருக்கும் மைக்குக்கு அவரே வேலி. நீங்கள் கோட்டைப் பக்கம் நின்று எடுக்கும்போது பின்னால் கடலும் கிடைக்கும். பின்னேரம் அந்தத் திசையில் வெயில் அவருக்குப் பின்னால் போய்விடும், முகம் கறுக்கும். ஆகவே காலையில் போங்கள். கதைக்கும்போது உச்சச் சத்தம் -12 டெசிபெல் வரைக்கும் வரும்படி மட்டத்தை வையுங்கள், திடீரென்று பலத்துச் சிரித்தாலும் இடமிருக்கும்.

இப்போது காசுக்கு வருவோம். இன்று வாங்க வேண்டியவை மயிர் உறை இரண்டும், வயர் மைக் ஒன்றும். பாவித்துப் பார்த்தபின்னும் பெட்டியை முதுகுப் பக்கம் வைத்தே குரல் அறுகிறதென்றால், அப்போது மாற்றுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அப்படி மாற்றும்போது தூரத்தைக் கேட்காதீர்கள். மைக் பெட்டி தனக்குள்ளேயும் பதிவு செய்யுமா என்று கேளுங்கள். அப்படிப்பட்டதில் சிக்னல் விட்டாலும் குரல் பெட்டிக்குள் முழுதாக இருக்கும். தொடங்கும்போது கமராவுக்கு முன்னால் ஒருமுறை கைதட்டி வைத்தால், பிறகு அந்தத் தட்டை வைத்து இரண்டையும் பொருத்தலாம். சனம் கூடும் திருவிழாக்களில் எடுக்கப் போகிறீர்கள் என்றால், ஆளுக்கொரு போன் இருக்கும் இடத்தில் இதற்குத்தான் காசு கொடுக்கலாம்.

மாற்றுவதற்கு முதல், புதுச் செற்றைக் கடையிலேயே கால் மணி நேரம் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் போனிலேயே ரிசீவரைச் செருகுங்கள், போனின் துளைக்கு அது பொருந்துகிறதா என்றும் தெரிந்துவிடும். நெஞ்சில் மைக்கைக் குத்திக்கொண்டு போனை உள்ளே விட்டுவிட்டு, கடைக்கு வெளியே பத்துக் காலடி நடந்து, முதுகைத் திருப்பி ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணுங்கள். உள்ளே வந்து ஹெட்போனில் கேளுங்கள். ஏதாவது எண் விழுங்கப்பட்டிருந்தால் அதுதான் உங்கள் வளவிலும் நடக்கும். பற்றுச்சீட்டில் மைக்கின் தொடர் இலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதியிருக்க வேண்டும். எழுதிக் கொடுத்த உத்தரவாதத்தைக் கடை பிறகு மறுத்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். பழைய செற்றை அவர் எவ்வளவுக்கு எடுக்கிறார் என்பதையும் முதலே எழுத்தில் வாங்குங்கள். விலை குறைத்து எடுப்பதென்றால் கொடுக்க வேண்டாம். அந்தச் சோடி மைக் வீட்டுக்குள் இருந்து கதைக்கும் பேட்டிகளுக்கு இன்னும் பல வருடம் போதும்.