கட்டத்தில் ‘சு’ யார், ‘சூ’ யார்?

கேள்வி: என் அப்பா கையால் எழுதிய மகளின் ஜாதகக் கட்டத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலத்தில் விளக்கம் கேட்கிறார்கள். சு, சூ, மா, ல என்று இருக்கிறது. நானே படித்துச் சொல்ல முடியுமா? மகள் ஆகஸ்ட் 1, ஆடி மாதம், அஸ்தம் நட்சத்திரம்.

பதில்: முடியும். முதலில் நடுவில் ‘ராசி’ என்று எழுதிய கட்டத்தை எடுங்கள். பக்கத்தில் இருக்கும் அம்சக் கட்டத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மேல் இடது மூலை எப்போதும் மீனம். அங்கிருந்து வலப்புறமாக மேஷம், ரிஷபம், மிதுனம் என்று கடிகாரச் சுற்றில் போகும். எந்த ஜாதகத்திலும் இந்த இடங்கள் மாறாது.

அப்பாவின் எழுத்தில் ‘சூ’வின் சுழி மங்கியிருந்தால் ‘சு’ போலவே தெரியும். சூ சூரியன், சு சுக்கிரன். உங்கள் படத்தில் கடகத்தில் ஒன்றும் சிம்மத்தில் ஒன்றும் இருந்தால், எது யார் என்று மாதம் சொல்லிவிடும். ஆடியில் சூரியன் கடகத்தில் இருப்பார். ஆகவே சிம்மத்தில் இருப்பவர் சுக்கிரன். ‘பு’ என்கிற புதன் சூரியன் இருக்கும் கட்டத்திலோ அதற்கு முன்னோ பின்னோ உள்ள கட்டத்திலோதான் இருப்பார். தள்ளிப் படித்திருந்தால் எழுத்தை மறுபடி பாருங்கள். ‘சந்’ கன்னியில் இருக்க வேண்டும், அஸ்தம் கன்னி ராசிதான்.

அடுத்து ‘ரா’, ‘மா’ குழப்பம். ராகுவும் கேதுவும் ஒன்றுக்கொன்று ஏழாம் கட்டத்தில் இருப்பார்கள். ‘கே’ சிம்மத்தில் இருந்தால் அதையும் சேர்த்து ஏழு எண்ணுங்கள், கும்பம் வரும். அங்கே இருப்பது ராகு. மற்றொன்று மாந்தி. மாந்தி கிரகம் அல்ல, ஆங்கிலத்திலும் மாந்தி என்றே எழுதுங்கள். ‘மந்’ என்று இருந்தால் அது மந்தன், அதாவது சனி.

ஒரு விஷயத்தில் கவனம். மாதத்தை வைத்துச் சூரியனைப் பிடிப்பதும், புதனைப் பக்கத்தில் தேடுவதும் ராசிக் கட்டத்தில் மட்டும்தான் செல்லும். அம்சக் கட்டத்தில் சூரியன் எங்கேயும் இருக்கலாம், புதன் ஆறு கட்டம் தள்ளியும் இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு ‘அப்பா தப்பாக எழுதிவிட்டார்’ என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. தப்பே இல்லை, அது வேறு கணக்கு. ராகுவும் கேதுவும் மட்டும் அம்சத்திலும் எதிரெதிரேதான் இருப்பார்கள்.

இனி ‘ல’. அது லக்னம், ஆங்கிலத்தில் அசென்டன்ட். வீடு எண்ணுவது அங்கிருந்துதான், மேல் மூலையிலிருந்து அல்ல. உங்கள் மகளுக்கு லக்னம் துலாம், செவ்வாய் மிதுனம் என்று வைத்துக்கொள்வோம். துலாத்திலிருந்து எண்ணினால் செவ்வாய் ஒன்பதாம் வீடு. லக்னத்துக்கு 2, 4, 7, 8, 12ல் இருந்தால் செவ்வாய் தோஷம் என்பார்கள், இவளுக்கு அப்படி இல்லை. மீனத்திலிருந்து எண்ணிவிட்டால் நான்காம் வீடு ஆகிவிடும், இல்லாத தோஷம் வந்துவிடும். இப்படி ஒரு தோஷத்தைச் சொல்லிப் பரிகாரத்துக்குப் பணம் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். யார் தோஷம் என்றாலும், எங்கிருந்து எண்ணினீர்கள் என்று கேளுங்கள்.

சூரியன் சன், சந்திரன் மூன், செவ்வாய் மார்ஸ், புதன் மெர்குரி, குரு ஜூபிட்டர், சுக்கிரன் வீனஸ், சனி சாட்டர்ன். ராகு நார்த் நோட், கேது சவுத் நோட். இதில் சிரமம் இல்லை. ‘ராசி’ என்பதைத்தான் எல்லாரும் கெடுக்கிறார்கள். ‘உங்கள் சைன் என்ன’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் அது சூரியனைப் பற்றிய கேள்வி. நாம் சொல்லும் ராசி சந்திரன் நிற்கும் இடம். அதோடு மேல்நாட்டுக் கணக்குக்கும் நம்முடையதற்கும் சுமார் 24 பாகை வித்தியாசம். அதனால் ஆகஸ்ட் 1ல் பிறந்த உங்கள் மகள் அவர்கள் கணக்கில் லியோ, நம் கணக்கில் சூரியன் கான்சரில், ராசி விர்கோ. மூன்றும் சரி. இது தெரியாமல் வரன் படிவங்களில் ‘சைன்’ என்று ஒரே ஒரு கட்டம் வைத்து உயிரை வாங்குகிறார்கள். நீங்கள் ‘மூன் சைன் விர்கோ’ என்று முழுதாகவே எழுதுங்கள்.

சில தரகர்கள் படத்தை வாங்கிக்கொண்டு, ‘ஆங்கில மொழிபெயர்ப்பு’ என்று அச்சிட்ட தாள்களைத் தருவார்கள். பலர் அப்பாவின் கட்டத்தைப் படிப்பதே இல்லை. பிறந்த தேதியையும் நேரத்தையும் மென்பொருளில் போட்டு எடுத்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் திருக்கணிதம் என்ற கணிப்பு முறை. பழைய கையெழுத்து ஜாதகம் பலதும் வாக்கியப் பஞ்சாங்கம் என்ற வேறு முறை. இரண்டுக்கும் இடையே சனியோ, சமயத்தில் சந்திரனோ ஒரு கட்டம் மாறிவிடலாம். அப்புறம் மாப்பிள்ளை வீட்டு ஜோதிடர் இரண்டு தாளையும் வைத்துக்கொண்டு, எது உண்மை என்று கேட்பார். அப்பாவின் தாளில் எந்தப் பஞ்சாங்கம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் ஆங்கிலத் தாளின் முதல் வரியில் அதைச் சேர்த்து, மூலப் படத்தையும் கூடவே அனுப்புங்கள்.