ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பின் வெளிப்பக்கம் வலிக்கிறது. இது பர்சைட்டிஸா, மூட்டுத் தேய்மானமா?

நான் டாக்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இதே வலியோடு எட்டு மாதம் தூக்கம் கெட்டவள்.

எக்ஸ்ரேயில் "லேசான தேய்மானம்" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை வைத்து "மூட்டு போகுது, வயசாச்சுல்ல" என்று அனுப்பிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களில் வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் அப்படித்தான் தெரியும் என்று யாரும் சொல்லவில்லை. மூட்டு மாற்று ஆபரேஷன் வீடியோக்களாகப் பார்த்துப் பயந்து கிடந்தேன்.

பிசியோதெரபிஸ்ட்தான் முதன்முதலாக, "ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்க" என்றார். தொடையின் பக்கவாட்டில் எலும்பு புடைத்து நிற்கும் இடத்தைத் தொட்டேன். அவர் அங்கே அழுத்தியதும் கத்திவிட்டேன். வலிக்கிற காலில் மட்டும் அரை நிமிஷம் நிற்கச் சொன்னார். பதினைந்து எண்ணுவதற்குள் அதே இடம் எரிந்தது. அப்புறம் மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, இடுப்பு மூட்டை உள்ளும் வெளியும் திருப்பினார். தாராளமாகத் திரும்பியது. மூட்டு நோய் என்றால் பெரும்பாலும் தொடை இடுக்கில் வலிக்குமாம், உள்பக்கம் திருப்புவது முதலில் இறுகிப்போகுமாம், குனிந்து சாக்ஸ் போடுவதே பாடாகுமாம். எனக்கு அதெல்லாம் இல்லை. இரண்டும் சேர்ந்தே சிலருக்கு இருக்கும் என்பதையும் அவரே சொன்னார். அதனால் "எனக்கு இடுக்கிலும் வலிக்குதே" என்று சண்டைக்கு வராதீர்கள், காட்டிக்கொள்ளுங்கள்.

பர்சைட்டிஸ் என்ற பெயரே பாதி தவறு என்றார். அந்த எலும்பின் மேல் இருக்கும் திரவப் பை வீங்குவது சிலருக்குத்தான். பெரும்பாலும் பிட்டத் தசைகளை அங்கே பிணைக்கும் தசைநாண்கள்தான் நைந்திருக்கும். படுக்கும்போது அதுதான் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்குகிறது. மறுபக்கம் படுத்தாலும் மேல் கால் முன்னால் சரிந்து அதே தசைநாணை இழுத்து அழுத்தும். முழங்கால்களுக்கு நடுவில் தடித்த தலையணை வைத்ததும் மூன்றாம் இரவே வித்தியாசம் தெரிந்தது.

நான் செய்த பெரிய தப்பு, காலைக் குறுக்கே போட்டு இழுக்கும் ஸ்ட்ரெச். இழுக்க இழுக்கத் தசைநாண் எலும்போடு இன்னும் அழுந்தும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கால் மேல் கால் போடுவதும், ஒரு காலில் சாய்ந்து நிற்பதும் அதே கதைதான். எல்லாவற்றையும் விட்டு, தசையைப் பலப்படுத்தும் பயிற்சியை மெதுவாக மூன்று மாதம் செய்தேன். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைக் குறைக்கும், ஆனால் பலவீனமான தசையைப் பலப்படுத்தாது என்றதால் போட்டுக்கொள்ளவில்லை.

விழுந்து எழுந்தபின் வந்த வலி, காய்ச்சலோடு வலி, காலை ஊன்றவே முடியாத நிலை இருந்தால் தலையணையெல்லாம் பேசாமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.

இப்போது அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் படுக்கிறேன். முழு இரவு இன்னும் முடியவில்லை.